காசாளர் வேலைக்கு ஒரு கடிதம்

வங்கி எழுத்தர் வேலைக்கான விண்ணப்பக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். பயோடேட்டாவுக்கு மேலே வைத்து அனுப்பப்படும் கடிதம் அது. படிப்பு, மதிப்பெண், பிறந்த தேதி, முகவரி எல்லாம் பயோடேட்டாவிலேயே இருக்கும். அதில் இல்லாத மூன்று விஷயங்களைக் கடிதம்தான் சொல்ல வேண்டும். இவருக்குக் கணக்கு வருமா? பணத்தை இவர் கையில் நம்பிக் கொடுக்கலாமா? கவுன்டருக்கு வெளியே நிற்பவரிடம் இவர் எப்படி நடந்துகொள்வார்?

எல்லா வங்கிகளும் இந்தக் கடிதத்தைக் கேட்பதில்லை. பாரத ஸ்டேட் வங்கி தனியாகத் தேர்வு நடத்துகிறது. மற்றப் பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணிக்கு 2011 முதல் ஐ.பி.பி.எஸ். நடத்தும் பொதுத் தேர்வு இருக்கிறது. அதன் முதல்நிலைத் தேர்வில் கணக்குப் பகுதிக்கு மட்டும் 35 கேள்விகள், 20 நிமிடம். எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே ஆள் எடுப்பதால் அங்கே நேர்முகத் தேர்வும் இல்லை, கடிதத்துக்கு வேலையும் இல்லை. தனியார் வங்கி, சிறு நிதி வங்கி, ஊர்களில் இயங்கும் நிதி நிறுவனம் போன்றவை கிளைக்கு ஆள் தேடும்போதுதான் கடிதம் மேலாளரின் மேசைக்கு வருகிறது. தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். எந்த மொழியில் எழுதினாலும் மேலாளர் தேடுவது மேலே சொன்ன மூன்றையும்தான்.

மேலாளரின் கவலை

மேலாளர் எதற்காக இந்த மூன்றையும் தேடுகிறார் என்பது காசாளரின் ஒரு நாளைப் பார்த்தால் புரியும். காலையில் பெட்டகத்திலிருந்து காசாளருக்கு 3,00,000 ரூபாய் கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று கவுன்டரில் வரவு 8,45,500 ரூபாய், பட்டுவாடா 6,72,000 ரூபாய். அப்படியானால் மாலையில் அவர் கையில் 4,73,500 ரூபாய் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் அதே தொகை வர வேண்டும். குறைந்தால் அது ஷார்ட். கூடினால் அது எக்ஸஸ்.

ஷார்ட் ஆனால் பெரும்பாலும் காசாளரே கைக்காசு போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். எக்ஸஸ் வந்தால் அது காசாளருக்குக் கிடைத்த லாபம் ஆகிவிடாது. யாரோ ஒரு வாடிக்கையாளருக்குக் குறைவாகக் கொடுத்த பணமாக அது இருக்கலாம். அதனால் அதைத் தனிக் கணக்கில் வரவு வைத்து, உரியவர் வருகிறாரா என்று பார்ப்பார்கள். நேற்று கூடியதை வைத்து இன்று குறைந்ததைச் சரிக்கட்டுவது வங்கியில் நடக்காது. ஒவ்வொரு நாளும் தனியாக நேராக வேண்டும். கணக்கு நேராகாமல் ஒருவர் திணறினால் பெட்டகத்தைப் பூட்ட வேண்டிய மற்றவர்களும் காத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தைப் படிக்கும்போது மேலாளரின் மனத்தில் ஓடுவது இந்த மாலை நேரம்தான்.

ஒரு மாதிரிக் கடிதம்

மொத்த மளிகைக் கடை ஒன்றின் கல்லாவில் வேலை பார்த்த ஒருவர், வங்கிக் கிளை ஒன்றின் எழுத்தர் - காசாளர் பணிக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டால், கடிதம் இப்படி அமையலாம்:

விருதுநகர்,
08.09.2025

மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: எழுத்தர் - காசாளர் பணிக்கான விண்ணப்பம்.

தங்கள் கிளையின் 01.09.2025 தேதியிட்ட விளம்பரத்தைப் பார்த்து இந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். எனக்கு 23 வயது முடிந்துள்ளது. 2022இல் பி.காம். முடித்தேன். 01.06.2022 முதல் 31.08.2025 வரை 3 ஆண்டு 3 மாதம் விருதுநகரில் ஒரு மொத்த மளிகைக் கடையில் காசாளராக இருந்தேன்.

கடையில் நாளொன்றுக்குச் சராசரியாக 160 பில்லுக்கு ரூ.1,80,000 ரொக்கம் வாங்கினேன். மாதம் 26 வேலை நாளுக்கு இது சுமார் ரூ.46,80,000 ஆகும். தவணை தாண்டிய பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியை நாள் கணக்கில் போடுவதும் என் வேலை. உதாரணமாக, ரூ.45,000 பாக்கி 73 நாள் தாமதமானால் வட்டி ரூ.1,620.

கடைசி 12 மாதத்தில் 4 நாட்கள் கல்லா குறைந்தது. மூன்று நாட்களுக்கான காரணத்தை அன்றே கண்டுபிடித்தேன். ஒரு நாள் குறைந்த ரூ.100 மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. அதை நானே கட்டினேன். மற்றொரு நாள் ரூ.540 குறைந்தது. அது 9ஆல் வகுபட்டதால், எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று வவுச்சர்களை எடுத்துப் பார்த்தேன். ரூ.1,820 வண்டி வாடகை, கணினியில் ரூ.1,280 என்று பதிவாகியிருந்தது.

ஒருமுறை வயதான வாடிக்கையாளர் ஒருவர், தான் 500 ரூபாய் கொடுத்ததாகவும் 200 ரூபாய்க்குத்தான் மீதி வந்ததாகவும் சொன்னார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் முன்னிலையிலேயே கல்லாவை எண்ணினேன். 300 ரூபாய் அதிகம் இருந்தது. தவறு என்னுடையது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, மீதியை வாடிக்கையாளர் எண்ணி எடுக்கும்வரை அவர் கொடுத்த நோட்டைக் கல்லாவுக்குள் போடுவதில்லை.

கணினியில் பில் போட்டுப் பழக்கம் உண்டு. வங்கி மென்பொருளில் பழக்கம் இல்லை. என்னைப் பற்றிக் கடை உரிமையாளரிடம் விசாரித்துக்கொள்ளலாம். நேர்முகத் தேர்வுக்கு எந்த வேலை நாளிலும் வர இயலும்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

எண்களை மேலாளர் எப்படிப் படிக்கிறார்

கடிதத்தில் "எனக்குக் கணக்கு நன்றாக வரும்" என்ற வரி இல்லை. அந்த வரி இல்லாமலே கணக்கு வரும் என்பது தெரிகிறது. ஒரு நாளைக்கு 1,80,000 ரூபாய், 26 நாளுக்கு 46,80,000 ரூபாய் என்று படித்ததும் மேலாளர் மனத்துக்குள் பெருக்கிப் பார்ப்பார். வங்கியில் பழகியவர்களுக்கு அது தானாக வரும் பழக்கம். பெருக்கல் சரியாக இருந்தால் அடுத்த வரிக்குப் போவார். அந்த இடத்தில் "மாதம் சுமார் 80 லட்சம்" என்று இருந்தால் கடிதம் அங்கேயே நின்றுவிடும். பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எண்ணை ஊதிவிட்டாரா, பெருக்கத் தெரியவில்லையா என்று அவர் யோசிக்கத் தொடங்குவார். இரண்டில் எது உண்மையானாலும் அவருக்கு இந்த ஆள் வேண்டாம்.

தேதிகளையும் இப்படித்தான் பார்ப்பார்கள். 2022 ஜூன் 1 முதல் 2025 ஆகஸ்ட் 31 வரை சரியாக 3 ஆண்டு 3 மாதம். இதை "நான்கு ஆண்டு அனுபவம்" என்று எழுதுவோர் உண்டு. வயதிலும் இதே தவறு வரும். 2001 அக்டோபரில் பிறந்தவருக்கு 2025 செப்டம்பரில் 23 வயதுதான் முடிந்திருக்கும். ஆண்டை மட்டும் கழித்தால் 24 என்று வரும். பயோடேட்டாவில் பிறந்த தேதியும் கடிதத்தில் 24 வயதும் இருந்தால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிப்பவருக்கு முரண்பாடு உடனே தெரியும்.

வட்டிக் கணக்கு வேறொன்றைக் காட்டுகிறது. வங்கியில் வட்டி பெரும்பாலும் நாள் கணக்கில் ஓடும். அசலை வட்டி விகிதத்தாலும் நாட்களாலும் பெருக்கி 36,500ஆல் வகுப்பது வழக்கம். 45,000 ரூபாய்க்கு 18 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 8,100 ரூபாய். 73 நாள் என்பது 365 நாளில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே வட்டி 1,620 ரூபாய். இதையே ஊர்வழக்கில் "இரண்டரை மாசம்" என்று எடுத்து மாதம் ஒன்றரை சதவீதம் போட்டால் 1,687 ரூபாய் 50 காசு வரும். வித்தியாசம் 67 ரூபாய் 50 காசு. கடையில் யாரும் கண்டுகொள்ளாத தொகை அது. வங்கியில் அவ்வளவு கூடுதலாக வாங்கினால் வாடிக்கையாளர் புகார் கொடுப்பார், தணிக்கையில் கேள்வி வரும். விண்ணப்பதாரர் நாள் கணக்கு என்று எழுதியதும், அதற்குப் பொருந்தும் விடையைக் கொடுத்ததும் இந்த வேறுபாடு அவருக்குத் தெரியும் என்பதைக் காட்டுகின்றன.

எண்ணை எழுதும் முறையும் கவனிக்கப்படும். இந்திய வங்கிகளில் 1,80,000 என்றுதான் காற்புள்ளி வைப்பார்கள். ஓரிடத்தில் 1,80,000 என்றும் இன்னோரிடத்தில் 180,000 என்றும் இருந்தால், வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கடிதம் போலத் தெரியும். அடித்துத் திருத்தி எழுதினாலும் வெள்ளை மை பூசினாலும் அதே நிலைதான். காசோலையில் தேதியைப் புதுப்பிப்பதைத் தவிர வேறு திருத்தம் இருந்தால் படவழித் தீர்வு முறையில் அதை ஏற்பதில்லை. அந்தப் பழக்கத்தில் ஊறிய கண் திருத்திய எண்ணைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். கடிதத்தில் பிழை வந்துவிட்டால் புதிய தாளில் எழுதுவதே நல்லது.

ஷார்ட் ஆன நாளை ஏன் எழுத வேண்டும்

பணத்தைக் கையாளும் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் "என் கையில் ஒரு ரூபாய் கூடக் குறைந்ததில்லை" என்று எழுதத்தான் விரும்புவார்கள். கவுன்டரில் வேலை பார்த்த எவரும் இதை நம்ப மாட்டார்கள். நாளுக்கு 160 பேரிடம் பணம் வாங்கி மீதி கொடுக்கும் கையில் என்றாவது ஒரு நோட்டு கூடும், குறையும். ஒருபோதும் குறையவில்லை என்று சொல்பவர் தினமும் எண்ணிப் பார்க்காதவராக இருக்கலாம். குறைந்த அன்று யாருக்கும் சொல்லாமல் சரிக்கட்டியவராகவும் இருக்கலாம். இரண்டாவது வகையினர் வங்கிக்கு ஆபத்தானவர்கள். 12 மாதத்தில் 4 நாள், அதில் ஒன்று பிடிபடவில்லை என்று எழுதியவர் தினமும் எண்ணுகிறார், குறைந்தால் தேடுகிறார், கிடைக்காவிட்டால் மறைப்பதில்லை. மேலாளருக்கு வேண்டியது இவர்தான்.

540 ரூபாய்க் கதை இதற்கு மேலே போகிறது. அன்றைய கணக்கை விரித்துப் பார்த்தால் அது விளங்கும். காலையில் சில்லறைக்காக வைத்த பணம் 5,000 ரூபாய், ரொக்க விற்பனை 1,84,630 ரூபாய், கூலி, வாடகை எனக் கல்லாவிலிருந்து கொடுத்ததாகக் கணினியில் பதிவானது 7,200 ரூபாய் என்று கொள்வோம். இருப்பு 1,82,430 ரூபாய் இருக்க வேண்டும். எண்ணியபோது இருந்தது 1,81,890 ரூபாய். குறைந்தது 540.

குறைந்த தொகையே பல நேரங்களில் காரணத்தைச் சொல்லிவிடும். 400 குறைந்தால் 100 ரூபாய்க்குப் பதில் 500 ரூபாய் நோட்டைக் கொடுத்திருக்கலாம். 300 குறைந்தால் 200க்குப் பதில் 500 போயிருக்கலாம். 540 ரூபாயை இப்படி ஒரே நோட்டு மாறியதாகச் சொல்ல முடியாது. அப்போதுதான் 9ஆல் வகுத்துப் பார்க்கிறார்கள். ஒரு எண்ணில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். 82 என்பது 28 ஆனால் வித்தியாசம் 54. 63 என்பது 36 ஆனால் 27. வகுத்து வரும் விடை, மாறிய இரண்டு இலக்கங்களுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதையும் சொல்லிவிடும். 54ஐ 9ஆல் வகுத்தால் 6. எட்டுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் அதே 6.

540ஐ 9ஆல் வகுத்தால் 60. கடைசியில் உள்ள பூஜ்யம், மாறியது பத்தாம் இடத்து இலக்கமும் நூறாம் இடத்து இலக்கமும் என்று காட்டுகிறது. அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே 6 வித்தியாசம் இருக்கும் பதிவுகளை மட்டும் தேடினால் போதும். 160 பில்லையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதில்லை. கொடுத்த பணத்தின் பக்கம் வவுச்சர்கள் குறைவு என்பதால் தேடல் அங்கே தொடங்குகிறது. 1,280 ரூபாய் என்ற பதிவில் நூறாம் இடத்தில் 2, பத்தாம் இடத்தில் 8. வவுச்சரை எடுத்துப் பார்த்தால் அதில் 1,820. கொடுத்தது 1,820, பதிவானது 1,280. அதனால்தான் கல்லாவில் 540 குறைவாகத் தெரிந்தது. பதிவைத் திருத்தியதும் இருக்க வேண்டிய இருப்பு 1,81,890 ஆகிறது. கையில் இருப்பதும் அதுவே.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. 100 ரூபாய்க்குப் பதில் 10 ரூபாயைக் கொடுத்தாலோ வாங்கினாலோ வித்தியாசம் 90. 500க்கும் 50க்கும் இடையே அது 450. இவையும் 9ஆல் வகுபடுபவை. ஆகவே 9ஆல் வகுபட்டது என்பதற்காகப் பதிவுப் பிழைதான் என்று தீர்மானித்துவிட முடியாது. எங்கே முதலில் தேடலாம் என்பதற்கு அது ஒரு தடயம், அவ்வளவுதான். கடிதத்தில் "மாறியிருக்கும் என்று எடுத்துப் பார்த்தேன்" என்று எழுதியிருப்பதால் அந்த அளவோடு நிற்பது தெரிகிறது. வரவாக வேண்டிய தொகையைச் செலவுப் பக்கம் பதிந்துவிட்டால் வித்தியாசம் அந்தத் தொகையைப் போல இரு மடங்காக வரும். அதற்கு வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேட வேண்டும். நேர்முகத் தேர்வில் மேலாளர் அடுத்துக் கேட்கக்கூடியது இதுவாகவே இருக்கும்.

மரியாதை எதில் தெரிகிறது

வாடிக்கையாளரிடம் பணிவாகப் பேசுவேன் என்று எழுதாத விண்ணப்பம் கிடையாது. அந்த வாக்கியத்தால் ஆள் தெரிவதில்லை. வாடிக்கையாளர் சண்டைக்கு வந்த ஒரு நாளில் என்ன செய்தார் என்று எழுதினால்தான் தெரியும். மாதிரிக் கடிதத்தில் உள்ளது எல்லாக் கவுன்டரிலும் வரும் தகராறு. நான் கொடுத்தது ஐந்நூறு என்கிறார் ஒருவர். நோட்டு ஏற்கெனவே கல்லாவில் மற்ற நோட்டுகளோடு கலந்துவிட்டது. "நீங்கள் கொடுத்தது இருநூறுதான்" என்று அடித்துச் சொன்னால் அவரைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடும். "சரி, இந்தாங்க" என்று உடனே கொடுத்துவிட்டால் மாலையில் 300 குறையலாம். நடுவில் உள்ள வழி எண்ணிப் பார்ப்பது: "ஐயா, கொஞ்சம் உட்காருங்க, உங்க முன்னாடியே எண்ணிப் பார்த்துடறேன்." பெரியவரின் சொல்லுக்கு மதிப்பும் இருக்கிறது, கணக்குக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

எண்ணியதில் வாடிக்கையாளர் சொன்னதே சரி என்று ஆனதை மறைக்காமல் எழுதியிருப்பது கடிதத்துக்கு இன்னும் வலு சேர்க்கிறது. தன் தவறு என்று ஒப்புக்கொண்டதோடு, அதே தவறு மறுபடி வராமல் இருக்க ஒரு பழக்கத்தையும் மாற்றிக்கொண்டிருக்கிறார். மீதியை எண்ணி எடுக்கும்வரை வாடிக்கையாளர் கொடுத்த நோட்டை மேசைமேல் தனியாக வைப்பது தேர்ந்த காசாளர்களின் பழக்கம். அதைச் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டவர் என்று மேலாளருக்குப் புரியும்.

வங்கிக் கவுன்டரில் மரியாதைக்கு இதைவிடக் கடினமான சோதனை கள்ளநோட்டு. கடையில் சந்தேகமான நோட்டு வந்தால் "வேற நோட்டு குடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். வங்கியில் அப்படிச் செய்ய முடியாது. கவுன்டரில் கொடுக்கப்பட்ட நோட்டு கள்ளநோட்டு என்று உறுதியானால் ரிசர்வ் வங்கியின் விதிப்படி அதை வங்கியே வைத்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் முத்திரை குத்த வேண்டும். கொண்டுவந்தவரிடம் திருப்பிக் கொடுக்கக் கூடாது, அதன் மதிப்பை அவர் கணக்கில் வரவு வைக்கவும் கூடாது. உரிய படிவத்தில் ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்திட மறுத்தாலும் சீட்டு கொடுத்தாக வேண்டும். ஒரே தடவையில் நான்கு நோட்டு வரை இருந்தால் மாத அறிக்கையில் சேர்த்துக் காவல்துறைக்குத் தெரிவிப்பார்கள். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் உடனே காவல் நிலையத்தில் புகார் பதிவாக வேண்டும்.

நெல் விற்ற பணத்தைக் கட்ட வந்த ஒருவரிடம், அவர் கொடுத்த 500 ரூபாயைத் திருப்பித் தர முடியாது என்று சொல்ல வேண்டிய நேரம் அது. அவர் அந்த நோட்டை அடித்தவர் இல்லை, ஏமாந்தவர். அதைக் காசாளர் அறிந்திருக்க வேண்டும். அதே சமயம் விதியையும் தளர்த்தக் கூடாது. வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி "இது கள்ளநோட்டு" என்று கத்தாமல், அவரைப் பக்கத்தில் அழைத்து விவரம் சொல்லி, சீட்டைக் கையில் கொடுப்பதுதான் வங்கியில் மரியாதை எனப்படுவது. நேர்முகத் தேர்வில் இந்தச் சூழல் கேள்வியாக வருவதற்கு நல்ல வாய்ப்புண்டு. கடிதத்தில் 500 ரூபாய்ச் சம்பவத்தை எழுதியவரிடம் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

எழுதக் கூடாதவை

நல்ல சம்பவத்தைச் சொல்லும் ஆர்வத்தில் சிலர் ரகசியத்தை உடைத்துவிடுகிறார்கள். பழைய கடையில் எந்த நேரத்தில் பணம் எண்ணப்படும், சாவி யாரிடம் இருக்கும், வங்கிக்குப் பணத்தை யார் எப்படிக் கொண்டுபோவார் என்றெல்லாம் எழுதுவது பெரிய தவறு. வாடிக்கையாளரின் பெயரையும் அவர் பாக்கித் தொகையையும் சேர்த்து எழுதுவதும் அப்படித்தான். வங்கி ஊழியர் வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. பழைய இடத்து விவரத்தைக் கடிதத்தில் கொட்டுபவர் நாளை வங்கியின் விவரத்தையும் இன்னோரிடத்தில் கொட்டுவார் என்றே மேலாளர் எண்ணுவார். மாதிரிக் கடிதத்தில் "வயதான வாடிக்கையாளர் ஒருவர்" என்பதோடு நின்றிருப்பது இதனால்தான். விண்ணப்பதாரர் தன்னுடைய ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றையும் கடிதத்தில் எழுதத் தேவையில்லை. அவை வேலை உறுதியான பிறகு கேட்கப்படுபவை.

இன்னொரு தவறு, கடைப் பழக்கத்தை வங்கித் திறமையாகக் காட்டுவது. நோட்டுக்கட்டின் மேல் பேனாவால் எண்ணிக்கை எழுதி ஸ்டேப்ளர் அடித்து வைப்பேன் என்று ஒருவர் பெருமையாக எழுதினால் அது அவருக்கே எதிராகப் போகும். நோட்டில் ஸ்டேப்ளர் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2001லேயே சொல்லிவிட்டது. வங்கியில் 100 நோட்டு ஒரு பாக்கெட். அதைக் காகிதப் பட்டையால் சுற்றுவார்கள். இது தெரியாமல் இருப்பதில் குற்றமில்லை. தெரியாததைத் தெரிந்ததாக எழுதுவதில்தான் சிக்கல். வங்கி மென்பொருளில் பழக்கம் இல்லை என்று மாதிரிக் கடிதம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. மென்பொருளைச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று மேலாளருக்குத் தெரியும்.

அனுபவமே இல்லாதவர் என்ன எழுதுவது? கல்லாவில் உட்கார்ந்ததில்லை என்பதற்காகச் சம்பவத்தை உருவாக்க வேண்டாம். கல்லூரி விழாவுக்கு நன்கொடை வசூலித்து வரவு செலவு ஒப்படைத்தது, மகளிர் சுயஉதவிக் குழுவில் அம்மாவின் கணக்கு நோட்டை எழுதிக்கொடுத்தது, கோயில் கொடைக்கு வரிப்பணம் வசூலித்தது போன்றவை எல்லாமே பிறர் பணத்தைக் கையாண்ட அனுபவங்கள்தான். எத்தனை பேரிடம், எவ்வளவு, எத்தனை ரசீது, கடைசியில் நேரானதா என்ற நான்கையும் எழுதினால் போதும். தொகை 12,000 ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை. அது நேரானதா என்பதைத்தான் மேலாளர் பார்ப்பார்.

கடிதம் முடிந்ததும் அதிலுள்ள எண்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். தேதிக்குத் தேதி கழித்து, பெருக்கலைப் பெருக்கி, பயோடேட்டாவோடு ஒப்பிட்டு எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நேர்முகத் தேர்வில் மேலாளர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்பார். "540 ரூபாய்னு எழுதியிருக்கீங்களே, அதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். விளக்கத் தெரியாத எண் ஒன்று கூடக் கடிதத்தில் இருக்கக் கூடாது.